அம்மாவின் மாத்திரை பில்: எந்த வரியில் பணம் போகிறது

ஈரோட்டில் இருக்கும் அம்மாவுக்கு 66 வயது. சுகர் வந்து 14 வருஷம், பிரஷர் வந்து 9 வருஷம் ஆகிறது. மாசம் பிறந்தால் 2,200 ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே மருந்துக்கடை பில் வரும், நானும் பல வருஷம் அதைக் கரண்ட் பில் மாதிரி அப்படியே கட்டிக்கொண்டிருந்தேன். போன வருஷம் ஒருநாள் உட்கார்ந்து பில்லை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஐந்து மாத்திரைகளில் இரண்டு மட்டுமே பாதிக்கு மேல் விழுங்குகிறது என்று. பிராண்டா ஜெனரிக்கா என்ற கேள்வியை மொத்த பில்லுக்கும் சேர்த்துக் கேட்டால் விடை கிடைக்காது. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு வரியிலும் விலை ஏறி நிற்பதற்கான காரணம் வேறு.

முதலில் பில்லைப் போட்டுவிடுகிறேன். கணக்குப் புரிய வேண்டும் என்பதற்காக முழு எண்களாக்கியிருக்கிறேன், உங்கள் வீட்டு அட்டையில் அச்சடித்த விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கிளிமிபிரைடு 1 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் எஸ்ஆர் 500-ம் சேர்ந்த சுகர் மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று, மாத்திரை 8 ரூபாய் என்றால் மாசம் 480. சுகருக்கே இன்னொன்று, சிட்டாகிளிப்டின் 100, தினம் ஒன்று, 22 ரூபாய், மாசம் 660. டெல்மிசார்டன் 40-ம் அம்லோடிபின் 5-ம் சேர்ந்த பிரஷர் மாத்திரை, தினம் ஒன்று, 12 ரூபாய், 360. கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் 10, இரவு ஒன்று, 5 ரூபாய், 150. கடைசியாக "நரம்புக்கு" என்று எழுதியிருந்த ஒரு கேப்சூல், 18 ரூபாய், 540. மொத்தம் 2,190.

இந்தக் கணக்கைப் போடுவதிலேயே ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. அட்டை விலையை அட்டை விலையோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஒரு கம்பெனி அட்டையில் 15 மாத்திரை, இன்னொன்றில் 10, சுகர் மாத்திரைகளில் சிலது 14 என்று வருகிறது. 90 ரூபாய் அட்டை 120 ரூபாய் அட்டையைவிட மலிவு என்று நினைத்து வாங்குவோம், எண்ணிப் பார்த்தால் முதலாவதில் 10 தான் இருக்கும், அதாவது மாத்திரை 9 ரூபாய், இரண்டாவது 8 ரூபாய். அதனால் எப்போதும் ஒரு மாத்திரைக்கு எவ்வளவு என்பதை மட்டும் எழுதுங்கள், அதை 30-ஆல் பெருக்குங்கள், இரண்டு வேளை என்றால் 60-ஆல்.

சரி, இப்போது பிராண்டு என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் ஊரில் டாக்டர் எழுதும் பெயர்களில் பெரும்பாலானவை அந்த மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனியுடையவை அல்ல. மெட்ஃபார்மின், அம்லோடிபின், டெல்மிசார்டன் எல்லாம் காப்புரிமை போய்ப் பல காலமான மருந்துகள், யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயரை ஒட்டி விற்கிறது. அதாவது நாம் "பிராண்டு" என்று சொல்வதே பெயர் வைத்த ஜெனரிக்தான். அப்புறம் பெயர் வைக்காத ஜெனரிக், மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் கிடைப்பது, மருந்தின் பெயரை மட்டும் அச்சடித்து வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. சாதாரண மெடிக்கலில் "ஜெனரிக் இருக்கு சார், பாதி விலைக்குத் தர்றேன்" என்று எடுத்துக் கொடுப்பார்களே, அது. கம்பெனி டாக்டரிடம் ரெப்ரசென்டேட்டிவை அனுப்பாமல் நேரே கடைக்குத் தள்ளும் சரக்கு. கடைக்காரருக்கு அது மிகக் குறைந்த விலைக்கு வந்திருக்கும், ஆனால் அட்டையில் எம்ஆர்பி மட்டும் பெரிய பிராண்டுக்கு நிகராக அடித்திருப்பார்கள். 95 ரூபாய் எம்ஆர்பி போட்டு "50 சதவீதம் கழிவு" என்றால் 47 ரூபாய் 50 காசு, கேட்க நன்றாக இருக்கும், அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் அதில் பாதிக்கும் கீழே கிடைக்கலாம். கழிவைப் பார்க்காதீர்கள், கையிலிருந்து போகும் ரூபாயைப் பாருங்கள். ஆன்லைன் கடைகளுக்கும் இதே விதிதான்: 22 ரூபாய் மாத்திரையில் 20 சதவீதம் கழித்தாலும் 17 ரூபாய் 60 காசு, 10 ரூபாய் மாத்திரை கழிவே இல்லாமல் அதைவிட மலிவு.

விலையை அரசு கட்டுப்படுத்தவில்லையா என்று கேட்பீர்கள். கட்டுப்படுத்துகிறது, ஆனால் எல்லாவற்றையும் இல்லை. 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்துக்கு உச்ச விலை உண்டு. அந்த உச்ச விலையைக் கணக்கிடும் விதம்தான் முக்கியம். சந்தையில் குறைந்தது ஒரு சதவீதப் பங்கு உள்ள கம்பெனிகளின் விலைகளைக் கூட்டி, சராசரி எடுத்து, அதன்மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்க்கிறார்கள். ஒன்றிரண்டு பெரிய கம்பெனிகள் அதிக விலைக்கு விற்றால் சராசரியும் மேலே இழுக்கப்படும். அதனால் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்திலும் மலிவானதற்கும் உச்ச விலைக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறது. பட்டியலில் இல்லாத மருந்துக்கோ பொதுவாக ஒரே வரம்புதான், 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் விலையை ஏற்றக் கூடாது. 2022 பட்டியலில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின், டெல்மிசார்டன், அடோர்வாஸ்டாடின் எல்லாம் தனித்தனி மாத்திரையாக இருக்கின்றன. ஆனால் நம் அப்பா அம்மாக்கள் சாப்பிடுவது அதிகமும் கூட்டு மாத்திரை, இரண்டு மூன்று மருந்து ஒன்றில் சேர்ந்தது, அவற்றில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. அம்மாவின் பில்லில் உச்ச விலைக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது அந்த 150 ரூபாய் கொழுப்பு மாத்திரை மட்டும்தான். அதில் சண்டை போட்டு மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பெரிய வரி சிட்டாகிளிப்டின். இதன் காப்புரிமை இந்தியாவில் 2022 ஜூலையில் முடிந்தது. அதுவரை ஒரே கம்பெனியின் கையில் இருந்த மருந்தைப் பல கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்து, அந்த வருஷம் செப்டம்பரிலேயே மக்கள் மருந்தகத்தில் 100 மில்லிகிராம் 10 மாத்திரை 100 ரூபாய்க்கும், 50 மில்லிகிராம் 10 மாத்திரை 60 ரூபாய்க்கும் வந்துவிட்டது. ஆனால் அம்மாவின் சீட்டில் அதே பழைய பெயர்தான் மூன்று வருஷமாக நகல் எடுத்த மாதிரி தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. டாக்டரைக் குறை சொல்லவில்லை, ஒரு நாளைக்கு 60 பேரைப் பார்ப்பவர், சுகர் சரியாக இருக்கிறது, "அதே மாத்திரை கன்டின்யூ" என்று எழுதுவார். காப்புரிமை முடிந்த செய்தி சீட்டுக்குள் தானாக வந்து சேராது, நாம்தான் கேட்க வேண்டும். இதேபோல எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மருந்தின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது, அதுவரை மாத்திரை ஏறத்தாழ 60 ரூபாய்க்கு விற்ற அதற்கு 10 ரூபாய்க்கும் கீழே பல பிராண்டுகள் உடனே வந்தன. டாபாகிளிஃப்ளோசின், வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின் எல்லாவற்றிலும் இது நடந்து முடிந்துவிட்டது. உங்கள் வீட்டுச் சீட்டில் "கிளிப்டின்" என்றோ "கிளிஃப்ளோசின்" என்றோ முடியும் மருந்து இருந்தால் முதல் வேலையாக அந்த வரியைப் பாருங்கள், மிச்சம் அங்கேதான் இருக்கும்.

அடுத்த பெரிய வரி அந்தக் கேப்சூல். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் வைட்டமின் பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின், ஆல்பா லிப்போயிக் ஆசிட், ஃபோலிக் ஆசிட், வைட்டமின் பி6 என்று ஏழெட்டுப் பெயர்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் கால் எரிச்சல் என்று சொன்னபோது எழுதியது, அதற்கப்புறம் யாரும் நிறுத்தவே இல்லை. இதைத் தேவையில்லாத சத்து மாத்திரை என்று நானாக ஒதுக்கியிருந்தால் தப்பாகியிருக்கும், ஏனென்றால் மெட்ஃபார்மினைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது நன்றாகத் தெரிந்த விஷயம், அது குறைந்தாலும் கால் மரத்துப்போகும், எரியும். அதனால் டாக்டரிடம், "இதை எத்தனை மாசத்துக்குச் சாப்பிடணும் டாக்டர், பி12 ஒருதடவை பார்த்துடலாமா?" என்று மட்டும் கேட்டேன். பரிசோதனையில் எல்லைக்குக் கொஞ்சம் கீழே வந்தது. கூட்டுக் கேப்சூலை நிறுத்திவிட்டு மெத்தில்கோபாலமின் மட்டும் உள்ள மாத்திரையை எழுதினார், மாத்திரை 3 ரூபாய். 540 ரூபாய் 90 ஆனது. இந்த வரியில் பிராண்டா ஜெனரிக்கா என்பது கேள்வியே இல்லை, இத்தனை சரக்கு தேவையா என்பதுதான் கேள்வி.

இனி மாற்றுவது எப்படி என்பதற்கு வருகிறேன். இங்கேதான் தப்பு நடக்கும், எங்கள் வீட்டிலேயே நடந்தது.

கடைக்காரர் தானாக மாற்றித் தரக் கூடாது. டாக்டர் சீட்டு தேவைப்படும் மருந்துகளில், எழுதியதற்குப் பதிலாக அதே மருந்தே ஆனாலும் வேறொன்றைத் தர விதி அனுமதிப்பதில்லை. நடைமுறையில் தருகிறார்கள், அது வேறு. ஆனால் நமக்கு நல்லது எது என்றால், டாக்டரிடம் மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரச் சொல்லி, அந்தச் சீட்டோடு போவது. பிராண்டுப் பெயரின் வாலை வைத்து நாமே மாற்ற முயன்றால் தடுமாறுவோம். ஒரே பிரஷர் மாத்திரைப் பெயருக்குப் பின்னால் ஏஎம் என்று இருந்தால் அம்லோடிபின் சேர்ந்தது, எச் என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு, சிடி என்றால் குளோர்தாலிடோன் என்று பல கம்பெனிகள் வைக்கின்றன. கடைசி இரண்டும் நீர் பிரிய வைப்பவை. வால் மாறினால் மருந்தே மாறிவிடும். சுகர் மாத்திரையில் எஸ்ஆர் என்ற இரண்டு எழுத்தும் அப்படித்தான். மெட்ஃபார்மின் மெதுவாகக் கரைகிற வகை என்பதைச் சொல்கிற எழுத்து அது, அதை விட்டுவிட்டுச் சாதாரண மெட்ஃபார்மினை வாங்கினால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரலாம், உடனே "மலிவு மாத்திரை ஒத்துக்கலை" என்று தீர்ப்பு வந்துவிடும். எஸ்ஆர் மாத்திரையைப் பாதியாக உடைத்தால் அந்த மெதுவாகக் கரையும் அமைப்பே போய்விடும் என்பதால், பெரிய டோஸை வாங்கி இரண்டாக உடைத்து மிச்சம் பிடிக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவரவே கூடாது.

எங்கள் வீட்டில் நடந்தது என்னவென்றால், கிளிமிபிரைடு-மெட்ஃபார்மினை மக்கள் மருந்தகத்துக்கு மாற்றி அட்டைகளை வாங்கி வைத்துவிட்டு நான் சென்னைக்குக் கிளம்பிவிட்டேன். பழைய பிராண்டில் ஒரு அட்டை மிச்சம் இருந்தது. அதை வீணாக்க வேண்டாமே என்று டப்பாவிலேயே விட்டிருந்தேன். அம்மாவுக்குப் பழைய மாத்திரை நிறத்திலும் அட்டையிலும் பழக்கம். புது அட்டை வேறு நிறம், முழுக்க இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர். இது புதுசாகச் சேர்த்த மாத்திரை என்று நினைத்து, பழையதையும் புதியதையும் சேர்த்தே போட்டுக்கொண்டார். மூன்றாவது நாள் காலை பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா சுகர் மெஷினில் பார்த்தபோது 58. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்து, அப்புறம் சாப்பாடு கொடுத்து, உடனே டாக்டருக்கும் எனக்கும் போன் போட்டார்கள். அன்று முழுக்க அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர், ஏனென்றால் கிளிமிபிரைடு பல மணி நேரம் வேலை செய்யும், ஒருமுறை ஏற்றிவிட்ட சுகர் மறுபடி இறங்கலாம்.

"ஏங்கண்ணு, ரெண்டும் ஒண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல" என்று போனில் அம்மா கேட்டார். அந்த மாசம் நான் மிச்சம் பிடித்தது 360 ரூபாய். மெட்ஃபார்மினும் சிட்டாகிளிப்டினும் தனியாக இப்படிச் சுகரைக் கீழே தள்ளுவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, இன்சுலின் இவைதான் ஆபத்தானவை, அதிலும் வயதானவர்களுக்கு, சாப்பாடு தள்ளிப்போகிற நாட்களில். அதனால் இந்த வரியை மாற்றும்போது மட்டுமாவது பழைய அட்டை ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது. முதலில் பழையதை முழுக்கத் தீர்த்துவிட்டு அடுத்த நாளிலிருந்து புதியது, இல்லையென்றால் மிச்சத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அதற்கப்புறம் நான் வைத்துக்கொண்ட முறை, ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டும். எல்லாவற்றையும் ஒரே மாசத்தில் மாற்றிவிட்டு ஏதாவது ஏறினால் எதனால் ஏறியது என்று யாருக்கும் தெரியாது. பிரஷர் மாத்திரையை மாற்றும் முன் ஒரு வாரம் தினமும் காலையில், மாத்திரை போடுவதற்கு முன், ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு வீட்டு மெஷினில் பார்த்து எழுதினோம். மாற்றிய பிறகு நாலு வாரம் அதே மாதிரி, ஏனென்றால் டெல்மிசார்டன் தன் முழு வேலையைக் காட்ட அவ்வளவு நாள் ஆகும். ஒருநாள் 128, மறுநாள் 138 என்று ஆடுவது எல்லோருக்கும் உண்டு, அதை மாத்திரையின் குறை என்று எடுக்கக் கூடாது, வாரச் சராசரியை வாரச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். சுகருக்கு வெறும் வயிற்று அளவை வாரம் இரண்டு முறையும், மூன்று மாசச் சராசரியை மூன்று மாசம் கழித்தும் பார்த்தோம். காய்ச்சல், பல் பிடுங்குவது, ஊர்ப்பயணம் இருக்கும் வாரத்தில் எதையும் மாற்றவில்லை.

தரம் பற்றிய பயம் எல்லோருக்கும் இருக்கிறது, அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. டெல்மிசார்டன், கிளிமிபிரைடு, அடோர்வாஸ்டாடின் போன்றவை தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகள். இவற்றில் ஒரு கம்பெனி மாத்திரைக்கும் இன்னொன்றுக்கும் ரத்தத்தில் சேரும் அளவு வித்தியாசப்பட வாய்ப்பு உண்டு. அதனால்தான் 2017 ஏப்ரலில் விதியைத் திருத்தி, இந்த வகை மருந்துக்கு உரிமம் வாங்க வேண்டுமானால் மூல மருந்தைப் போலவே உடம்பில் சேர்கிறது என்று சோதனை செய்து காட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்பே உரிமம் பெற்றவை சந்தையில் இருக்கின்றன, அவற்றில் பெயர் பெற்ற பிராண்டுகளும் உண்டு. மக்கள் மருந்தகச் சரக்கு ஒவ்வொரு பேட்சும் கடைக்கு வருமுன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கப்படுகிறது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாசாமாசம் தரமற்றது என்று கண்டுபிடித்த பேட்ச் எண்களை வெளியிடுகிறது, அதில் ஜெனரிக்கும் வருகிறது, பெரிய பிராண்டும் வருகிறது. நான் செய்வது பில்லில் பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதும், அடுத்த மாசமும் முடிந்தவரை அதே தயாரிப்பாளரின் மாத்திரையையே வாங்குவதும்தான். ஒரு ஜெனரிக்குக்குப் பழகிய பின் மாசம் ஒரு கம்பெனியாகத் தாவுவதுதான் அளவுகளைக் குழப்பும்.

மருந்து சரியில்லை என்று நினைப்பதற்கு முன் அது வீட்டில் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். டெல்மிசார்டன் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், போடும் நேரம் வரை அட்டையை விட்டு எடுக்கக் கூடாத மாத்திரை அது. நாமோ அப்பா அம்மாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு வாரத்துக்கு உரித்துப் போட்டு வைக்கிறோம், அதுவும் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில். மாத்திரை மெதுமெதுவென்று ஆகியிருந்தாலோ ஓரம் உதிர்ந்தாலோ அதுதான் காரணமாக இருக்கும். உரிக்காமல், அட்டையையே கத்தரியால் ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி டப்பாவில் போடலாம். வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கும் ஓரத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு எங்கள் பில்: சிட்டாகிளிப்டின் 300, கிளிமிபிரைடு-மெட்ஃபார்மின் மாத்திரை 2 ரூபாய் வீதம் 120, பி12 மாத்திரை 90, கொழுப்பு மாத்திரை பழைய 150. பிரஷர் மாத்திரையை மக்கள் மருந்தகத்துக்குக் கொண்டுபோகவில்லை. அந்தக் கடையில் அந்தக் கூட்டு மாத்திரை இரண்டு மாசம் தொடர்ந்து இருப்பில்லாமல் போனது. பிரஷர் மாத்திரை ஒரு வாரம் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்து, வழக்கமான மெடிக்கலிலேயே அதே மருந்தின் 7 ரூபாய் பிராண்டை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம், 210. இந்த நடுவழியைப் பலர் யோசிப்பதில்லை, நல்ல பெயருள்ள கம்பெனிகளுக்குள்ளேயே ஒரே மருந்துக்கு இரண்டு மூன்று மடங்கு விலை வித்தியாசம் இருக்கிறது. மொத்தம் 870. முன்பு 2,190. விலை பார்க்க Pharma Sahi Daam என்ற செயலியில் மருந்துப் பெயரைப் போட்டால் பிராண்டுகளின் விலை வரும், Jan Aushadhi Sugam செயலியில் பக்கத்திலிருக்கும் மக்கள் மருந்தகமும் அங்கே உள்ள விலையும் வரும். தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள், அங்கே ஜெனரிக்கோடு மற்ற மருந்துகளும் விற்கிறார்கள், பக்கத்தில் இருந்தால் இரண்டு கடை விலையையும் கேட்டுப் பாருங்கள். கையில் பணமே இல்லாத மாசங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அங்கே தரும் மருந்து உங்கள் சீட்டில் இருப்பதற்குச் சமமானதா என்று டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், அட்டை இரண்டாகிவிடும் ஆபத்து அங்கேயும் உண்டு.

மாத்திரையோடு பட்ஜெட் முடியாது. வாரம் இரண்டு முறை வீட்டில் சுகர் பார்த்தால் மாசம் எட்டு டெஸ்ட் ஸ்ட்ரிப். 50 உள்ள டப்பாவில் ஸ்ட்ரிப் ஒன்றுக்கு விலை குறைவுதான், ஆனால் டப்பாவைத் திறந்தபின் மூன்று மாசமோ ஆறு மாசமோதான் என்று அதன்மேலேயே போட்டிருப்பார்கள், அதற்குள் தீராவிட்டால் வீண், அதனால் 25 டப்பாதான் எங்களுக்குச் சரி. அது மூன்று மாசம் வருகிறது, மாசத்துக்கு ஏறத்தாழ 170 ரூபாய். மூன்று மாசத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு 600 என்றால் மாசம் 200. டாக்டர் கட்டணம் 400-ஐ மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ 130. வருஷத்துக்கு ஒருமுறை கண் விழித்திரைப் பரிசோதனைக்கும் சிறுநீரில் புரதம் பார்க்கவும் 1,200 என்று வைத்து மாசம் 100. ஆக 600 ரூபாய். விலை உயர்ந்த பிராண்டை வைத்துக்கொண்டு இந்த 600-ஐ வெட்டும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன், அது தலைகீழான கணக்கு. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறினால் சிட்டாகிளிப்டினின் டோஸைக் குறைக்க வேண்டும், மெட்ஃபார்மினையும் குறைக்க வேண்டி வரலாம், இன்னும் மோசமானால் நிறுத்த வேண்டும். அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் தப்பான டோஸில் நல்ல பிராண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

ஆக மருந்தும் பரிசோதனையும் சேர்த்து மாசம் 1,470 என்று எழுதி, அதற்கு மேல் 150 ரூபாயைக் கூடுதலாக ஒதுக்குகிறேன். கடையில் இருப்பில்லாமல் போனால் ஒரு வாரம் பக்கத்து மெடிக்கலில் அதிக விலைக்கு வாங்கவும், விலை ஏறினால் தாங்கவும் அது. எப்போதும் 15 நாள் கையிருப்பு இருக்கும்படி வாங்குகிறேன், மூன்று மாசத்துக்கு மொத்தமாக வாங்குவதில்லை, டாக்டர் நடுவில் டோஸை மாற்றினால் அது குப்பைக்குப் போகும். பட்டியல் மருந்துகளின் உச்ச விலையை ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்துவார்கள், அந்த மாசத்தில் ஒருமுறை எல்லா வரிகளையும் மறுபடி பார்க்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, அப்போது பழைய எம்ஆர்பி அடித்த அட்டைகள் கடைகளில் இருந்தன, அட்டையில் இருப்பதைவிடக் குறைவாகப் பில் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

இப்போது ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் மார்க்கர் பேனாவால் தமிழில் எழுதி வைக்கிறேன்: "சுகர், காலை இரவு, சாப்பாட்டோடு", "பிரஷர், காலை", "கொழுப்பு, இரவு". கம்பெனி மாறிய மாசத்தில் அதற்குக் கீழே இன்னொரு வரி, "பழைய ரோஸ் மாத்திரைக்குப் பதில்". போன மாசம் பி12 மாத்திரை வேறு அட்டையில் வந்தபோது, எடுத்து வைக்கும் முன் அம்மாவே பேனாவைக் கொண்டுவந்து நீட்டினார்.